மூன்று பேர், ஒரு தொடர்மாடி வீடு, ஒரு மின்னஞ்சல்

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீடு, மூன்று அறை, விலை 3 கோடி ரூபா. அக்காவிடம் வெளிநாட்டில் உழைத்துச் சேர்த்த காசு இருக்கிறது, ஆனால் இனிப் பெரிய கடன் எடுக்கிற வயதில்லை. தம்பிக்கு நல்ல சம்பளம், கையில் சேமிப்பு குறைவு. அத்தை மகன் மச்சானுக்கும் அதே நிலைமைதான். மூவரும் சேர்ந்தால் வாங்கலாம், தனித்தனியே முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பேசி முடிவெடுத்துவிட்டார்கள். "எங்களுக்குள்ள என்ன எழுத்து?" என்று மச்சான் கேட்கிறார். கேட்டது பிழையில்லை, பாசத்தில்தான் கேட்கிறார். ஆனால் முற்பணம் கட்டுவதற்கு முன்னால் தம்பி அன்றிரவே ஒரு மின்னஞ்சல் எழுதி மற்ற இருவருக்கும் அனுப்ப வேண்டும். அதில் என்ன இருக்க வேண்டும், அந்த மின்னஞ்சலால் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்பதுதான் இந்தக் கட்டுரை. இந்த மூவரும் கற்பனை ஆட்கள். கணக்கு மட்டும் உண்மையான முறையில் போட்டது.

முதலில் காசு. விலை 300 இலட்சம். முத்திரை வரி, விலையின் முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதமும் மீதிக்கு 4 வீதமுமாக, ஏறத்தாழ 12 இலட்சம். நொத்தாரிசு கட்டணம், வங்கியின் மதிப்பீட்டுச் செலவு, ஈட்டு முறி எழுதும் செலவு எல்லாவற்றுக்குமாக இன்னும் 3 இலட்சம் என்று வைப்போம். மொத்தம் 315 இலட்சம். வங்கி 180 இலட்சம் கடன் தருகிறது. மிச்சம் 135 இலட்சத்தைக் கையிலிருந்து போட வேண்டும். அக்கா 85, தம்பி 30, மச்சான் 20 இலட்சம் போடுகிறார்கள். கடனை எடுத்துக்கொள்வது தலைகீழ்: அக்கா 20, தம்பி 75, மச்சான் 85 இலட்சம். கூட்டிப் பாருங்கள், ஒவ்வொருவருக்கும் 105 இலட்சம் வரும். ஆகவே உறுதியில் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு.

இது நியாயமான ஏற்பாடு. ஆனால் எழுதி வைக்காவிட்டால் நாலு வருடத்தில் நியாயம் மூன்று விதமாகத் தெரியத் தொடங்கும். அக்கா வீடு வாங்கிய நாளை நினைப்பார்: "முதல் நாள் போட்ட காசில் அறுபது வீதத்துக்கு மேல் என்னுடையது." மச்சான் மாதா மாதம் வங்கிக்குப் போவதை நினைப்பார்: "தவணையில் பாதிக்குக் கிட்ட நான்தான் கட்டுகிறேன்." தம்பி உறுதியைப் பார்ப்பார்: "மூன்றில் ஒன்று என்றுதானே இருக்கிறது." மூவரும் சொல்வது உண்மை. மூவரும் வேறு வேறு எண்ணைச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். ஆகவே அந்த மின்னஞ்சலின் முதல் வேலை, ஒவ்வொருவருக்கும் மூன்று எண்களைத் தனித்தனியே எழுதி வைப்பது: கையிலிருந்து போட்டது, கடனில் ஏற்றது, உறுதியில் வரும் பங்கு. இவற்றில் ஒன்றை மட்டும் எழுதுவது ஒன்றுமே எழுதாததைவிட ஆபத்து என்பேன். எழுதியவர் மற்ற இரண்டையும் விட்டுக்கொடுத்துவிட்டார் என்று பிறகு ஆள் வாதாடும்.

வட்டியை யார் சுமப்பது? அவரவர் கடனுக்கு அவரவர். அக்காவின் 85 இலட்சம் நிலையான வைப்பில் கிடந்திருந்தால் அவருக்கு வட்டி வந்திருக்கும், அதை அவர் இழக்கிறார். மச்சான் 85 இலட்சம் கடன் எடுத்து வங்கிக்கு வட்டி கட்டுகிறார். ஒருவர் இழக்கிறார், ஒருவர் கட்டுகிறார், அதனால் கணக்கு ஓரளவு சரியாகிவிடுகிறது. வட்டியை வீட்டுக்காகப் போட்ட காசு என்று பங்கோடு கூட்டத் தொடங்கினால் அந்தச் சமநிலை உடைந்துவிடும்.

வங்கியின் கண்ணுக்கு இது ஒரே கடன். மூவரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு என்றுதான் ஈட்டு முறியில் இருக்கும். அதன் பொருள், மச்சான் கட்டாவிட்டால் அக்காவிடம் முழுத் தொகையையும் கேட்க வங்கிக்கு உரிமை உண்டு. "என் பங்கு 20 இலட்சம்தான்" என்று அக்கா வங்கியில் சொல்லிப் பயனில்லை. தவணை பிந்தினால் கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில் மூவர் பெயரிலும் அது விழும். அதற்கும் மேலே போனால், 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் நீதிமன்றம் போகாமலே ஈட்டுச் சொத்தை ஏலம் போடும் அதிகாரத்தை வங்கிகளுக்குக் கொடுத்திருக்கிறது. ஆகவே 20, 75, 85 என்ற பிரிவு வங்கிக்கல்ல, உங்கள் மூவருக்கும் இடையில் மட்டும்தான் செல்லும். ஒரு கடனுக்குள் மூன்று சிறு கடன்களை நீங்களே கணக்கு வைத்திருக்க வேண்டும். ஒரு எக்செல் தாளே போதும்.

அந்தத் தாள் எப்படி இருக்கும் என்று பார்ப்போம். வட்டி வருடத்துக்கு 12 வீதம், 15 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 2,16,000 ரூபா. அதை 20க்கு 75க்கு 85 என்ற விகிதத்தில் பிரித்தால் அக்காவுக்கு 24,000, தம்பிக்கு 90,000, மச்சானுக்கு 1,02,000. மின்னஞ்சலில் இந்த ரூபாத் தொகைகளை எழுதக் கூடாது, விகிதத்தைத்தான் எழுத வேண்டும். ஏனென்றால் வட்டி மாறும். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டியை 7 சதவீதப் புள்ளி உயர்த்தியது நினைவிருக்கும். நம் உதாரணத்தில் 12 வீதம் 16 ஆனாலே மச்சானின் 1,02,000 கிட்டத்தட்ட 1,25,000 ஆகிவிடும். "மாதம் 1,02,000 தருகிறேன் என்றுதானே சொன்னேன்" என்று அவர் நிற்க இடம் கொடுக்கக் கூடாது.

அக்கா இடையில் தன் 20 இலட்சத்தை மொத்தமாகக் கட்டிவிட விரும்பினால்? வங்கி அதை மொத்தக் கடனில் கழிக்கும், எல்லோருடைய தவணையும் குறைந்தது போலத் தெரியும். உங்கள் தாளில் மட்டும் அது அக்காவின் நிலுவையிலிருந்து போக வேண்டும். இதையும் ஒரு வரி எழுதி வையுங்கள்.

ஒருவர் தவணை தவறினால் என்ன செய்வது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: பங்கைத் தொடாதீர்கள். "மூன்று மாதம் கட்டாவிட்டால் பங்கு குறையும்" என்று சிலர் எழுதுகிறார்கள். எழுத நன்றாக இருக்கும், ஆனால் பங்கு மாற வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் புதிய உறுதி, புதிய முத்திரை வரி, வங்கியின் சம்மதம். பதிலாக, மற்ற இருவரும் கட்டிய தொகையை அவருக்குக் கொடுத்த கைக்கடனாக எழுதுங்கள். வீட்டுக் கடனின் அதே வட்டி. மச்சான் மூன்று மாதம் தவறினால் 3,06,000 ரூபா அவர் கணக்கில் பற்று. அவர் திருப்பிக் கொடுக்கலாம், இல்லாவிட்டால் வெளியேறும் நாளில் அவருடைய தொகையிலிருந்து வட்டியோடு கழியும்.

வீட்டில் ஒருவர் குடியிருந்தால் அதையும் எழுத வேண்டும். தம்பி குடும்பத்தோடு அங்கே இருக்கிறார், அந்தத் தளத்தில் அதே மாதிரி வீட்டுக்கு மாத வாடகை 1,20,000 என்றால், அவர் மற்ற இருவருக்கும் 40,000 வீதம் கொடுக்க வேண்டும். சேவைக் கட்டணம், தண்ணீர், மின்சாரம் எல்லாம் இருப்பவர் தலையில். பெரிய திருத்த வேலை மட்டும் மூவருக்கும் பொது.

இனி வெளியேறுவது. இந்தப் பகுதியைத்தான் எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள், ஏனென்றால் வாங்குகிற சந்தோசத்தில் பிரிவைப் பேசுவது அபசகுனம் போல இருக்கிறது. ஆனால் சண்டை வந்த பிறகு இதைப் பேச முடியாது.

ஐந்து வருடம் கழித்து மச்சானுக்கு வேறு ஊரில் வேலை, காசு தேவை, வெளியேற வேண்டும். வீட்டின் மதிப்பு அப்போது 390 இலட்சம் என்று வைப்போம். மூன்றில் ஒரு பங்கு 130 இலட்சம். அதிலிருந்து அவருடைய கடன் நிலுவையைக் கழிக்க வேண்டும். இங்கேதான் பலருக்குத் தலை சுற்றும். ஐந்து வருடத்தில் மச்சான் 61 இலட்சம் தவணை கட்டியிருக்கிறார். 85இல் 61 போனால் 24தான் மிச்சம் என்று அவர் நினைத்திருப்பார். இல்லை. இந்தக் கடனில் முதல் வருடங்களில் தவணையின் பெரும்பகுதி வட்டிக்கே போகிறது. 180 இலட்சக் கடனில் 60 தவணை கட்டிய பிறகும் சுமார் 150.6 இலட்சம் நிலுவை. அதில் மச்சானின் பகுதி 71.1 இலட்சம். அவர் கட்டிய 61 இலட்சத்தில் கடன் முதலுக்குப் போனது 14 இலட்சத்துக்கும் சற்றுக் குறைவு, மிச்சம் 47 இலட்சமும் வட்டி.

ஆகவே அவர் கைக்கு வருவது 130இல் 71.1 போக 58.9 இலட்சம். "20 போட்டேன், 61 கட்டினேன், 59 தருகிறீர்களா?" என்று கேட்பார். அந்தக் கோபம் நியாயமாகவே தெரியும். ஆனால் அந்த 47 இலட்சமும் அவர் வங்கியின் காசைப் பாவித்ததற்கான கூலி, மற்ற இருவரிடமும் அது இல்லை. இடையில் தம்பியிடமிருந்து மாதம் 40,000 வாடகையும் வாங்கியிருக்கிறார் அல்லவா, ஐந்து வருடத்தில் அது 24 இலட்சம். இந்தக் கணக்கை வாங்குகிற நாளிலேயே உதாரணத்தோடு மின்னஞ்சலில் போட்டுவிட்டால், பிறகு வரும் கோபத்தில் பாதி வராது. விதியை மட்டும் எழுதினால் போதாது, எண்களைப் போட்டு ஒரு முறை கணக்கைச் செய்து காட்டுங்கள்.

சரி, தம்பியின் மின்னஞ்சலில் அந்தப் பகுதி கிட்டத்தட்ட இப்படி இருக்கும்:

> அன்புள்ள அக்கா, மச்சான்,
>
> ஞாயிறு கதைத்ததை எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்தி அனுப்புங்கோ.
>
> முதல் மூன்று வருடம் ஒருவரும் வெளியேறுவதில்லை. அதன் பிறகு வெளியேற விரும்புபவர் மற்ற இருவருக்கும் முதலில் எழுத்தில் சொல்ல வேண்டும். வாங்குவதா இல்லையா என்று அவர்கள் 60 நாளுக்குள் சொல்ல வேண்டும்.
>
> விலை: வீட்டின் மதிப்பில் மூன்றில் ஒன்று, கழித்தல் அவருடைய கடன் நிலுவை, கழித்தல் அவர் தர வேண்டிய கைக்கடன். உதாரணக் கணக்கு கீழே இருக்கிறது.
>
> மற்ற இருவரில் ஒருவரும் வாங்காவிட்டால் முழு வீட்டையும் வெளியே விற்போம். தனிப் பங்கை வெளியாளுக்கு விற்பதில்லை.

கடைசி வரியைக் கவனியுங்கள். சட்டப்படி, கூட்டுச் சொந்தக்காரர் ஒருவர் தன் பிரிக்கப்படாத பங்கை மற்றவர்களைக் கேட்காமலே யாருக்கும் விற்கலாம். யாழ்ப்பாணத்துக்காரர் பலருக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். ஊரில் காணி விற்பதென்றால் பங்காளிக்கு முதலில் சொல்ல வேண்டும் என்பது நமக்குப் பழகிய விசயம். தேசவழமை முன்வாங்கல் உரிமைச் சட்டம் 1947இலேயே வந்தது. ஆனால் அந்த உரிமை வடமாகாணக் காணிக்கே. வெள்ளவத்தைத் தொடர்மாடிக்கு அது வராது. கொழும்பில் அந்தப் பாதுகாப்பை நீங்களே எழுதி உண்டாக்க வேண்டும்.

இப்போது அந்த மின்னஞ்சலின் எல்லைக்கு வருவோம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அசையாச் சொத்தை விற்பது, ஈடு வைப்பது மட்டுமல்ல, விற்பேன் என்று உடன்படுவதும் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதிக் கையெழுத்திட்டால்தான் செல்லும். மின்னஞ்சலுக்குச் சட்ட அங்கீகாரம் கொடுத்த 2006ஆம் ஆண்டின் மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டமும் அசையாச் சொத்து விற்பனையை விலக்கியே வைத்திருக்கிறது. ஆகவே "பங்கை உங்களுக்கே முதலில் விற்பேன்" என்ற வரி மின்னஞ்சலில் இருக்கும்வரை நல்லெண்ணம் மட்டும்தான். அதை மீறி மச்சான் வெளியாளுக்கு எழுதிக் கொடுத்தால் நீதிமன்றத்தில் அந்த மின்னஞ்சலைக் காட்டி விற்பனையைத் தடுக்க முடியாது.

அப்படியானால் எதற்கு அது? இரண்டு வேலைக்கு. யார் எவ்வளவு போட்டார், யார் எந்த விகிதத்தில் தவணை கட்டுவதாக ஏற்றார் என்ற காசுக் கணக்குக்கு அது திகதியோடு நிற்கும் ஆவணம். இதனோடு ஒவ்வொருவரும் தம் பங்கை தம் சொந்த வங்கிக் கணக்கிலிருந்தே அனுப்பினால் சாட்சியம் இன்னும் பலமாகும். ஒருவர் கணக்கில் எல்லாரும் போட்டு அவர் மொத்தமாகக் கட்டினால் பிறகு பிரித்துக் காட்டுவது கஷ்டம். இரண்டாவது, நொத்தாரிசிடம் போகும்போது இது வரைவு. உறுதி எழுதும் அதே நாளில், வெளியேறும் நிபந்தனைகளைக் கூட்டுச் சொந்தக்காரர் உடன்படிக்கையாக அவர் எழுதிக் கொடுக்கட்டும். உறுதியில் பங்கு எவ்வளவு என்று எண்ணில் போடச் சொல்லுங்கள். எழுதாமல் விட்டால் சமபங்கு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இந்த மூவருக்கு அது பொருந்துகிறது, உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.

இன்னொன்று, வெளியேறும் நாளின் வேலை. மச்சானின் பங்கைத் தம்பி வாங்கினால் 130 இலட்சத்துக்கு மறுபடியும் முத்திரை வரி, சுமார் 5,19,000 ரூபா. வழக்கப்படி வாங்குபவர் கட்டுவார், ஆனால் வெளியேறுபவரும் பாதி சுமக்க வேண்டும் என்று மூவரும் நினைத்தால் இப்போதே எழுதுங்கள். அதைவிட முக்கியம், உறுதியிலிருந்து பெயர் போனதால் கடனிலிருந்து பெயர் போகாது. வீடு ஈட்டில் இருப்பதால் வங்கியின் சம்மதம் இல்லாமல் கை மாற்றவும் முடியாது. வங்கி தம்பியின் சம்பளத்தைப் பார்த்து அவர் தனியே தாங்குவார் என்று திருப்திப்பட்டால்தான் மச்சானை விடுவிக்கும். ஆகவே "கடனிலிருந்து வங்கி விடுவிக்கும் கடிதமும் பங்கு மாற்ற உறுதியும் ஒரே நாளில்" என்று போடுங்கள். அப்படிச் செய்யாமல் பங்கை எழுதிக் கொடுத்துவிட்டு, பெயர் மட்டும் வருடக்கணக்கில் கடனில் தொங்கிக்கொண்டிருப்பவர்கள் பிறகு தமக்கென்று ஒரு வீட்டுக் கடன் கேட்கப் போகும்போதுதான் அதை உணர்கிறார்கள்.

யாரும் ஒத்துவராவிட்டால் கடைசி வழி மாவட்ட நீதிமன்றத்தில் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டத்தின் கீழ் வழக்கு. காணியை அளந்து பிரிக்கலாம், மூன்று அறை வீட்டை ஆளுக்கொரு அறையாகப் பிரிக்க முடியாது, விற்கச் சொல்வதே முடிவாகும். அதற்கு வருடங்கள் போகும். இந்தப் பயம் மூவர் தலைக்கு மேலும் சமமாகத் தொங்குவதால்தான் அவர்கள் எழுத்தில் போட்டதை மதிப்பார்கள்.

மரணத்தைப் பற்றியும் ஒரு வரி வேண்டும். மூவரில் ஒருவர் இறந்தால் பங்கு மற்ற இருவருக்கும் தானாக வராது, அவருடைய வாரிசுகளுக்குப் போகும். அதனால் வாரிசுகளிடமிருந்தும் அதே கணக்கில் வாங்கலாம் என்று உடன்படிக்கையில் சேர்க்க வேண்டும். கடனுக்கு வங்கி எடுக்கும் ஆயுள் காப்புறுதி யாருடைய பெயரில் எவ்வளவுக்கு இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் பெயரில் மட்டும் எடுத்திருந்தால் மற்ற இருவரின் பகுதிக்கும் காப்பு இல்லை.

தம்பியின் மின்னஞ்சலுக்கு அக்கா மறுநாள் காலை பதில் போட்டார் என்று வைத்துக்கொள்வோம். வெறும் "சரி" போதாது, தன் மூன்று எண்களையும் தன் கையால் மறுபடி எழுத வேண்டும் என்று தம்பி கேட்டிருந்தார். அக்கா எழுதினார்: "தம்பி, நான் 85 போடுகிறேன், கடனில் 20, உறுதியில் 1/3. சம்மதம். ஆனால் 'வீட்டின் மதிப்பு' என்று எழுதியிருக்கிறாய், யார் சொல்கிற மதிப்பு?" நல்ல கேள்வி. வாங்குபவர் சொல்லும் மதிப்பு ஒன்றாக இருக்கும், விற்பவர் சொல்வது இன்னொன்றாக இருக்கும். தம்பி அந்த வரியைத் திருத்தினார்: வங்கியின் பட்டியலில் உள்ள இரண்டு மதிப்பீட்டாளர்கள், இரண்டின் சராசரி, இரண்டுக்கும் இடையில் பத்து வீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மூன்றாவது ஒருவர், கட்டணம் வெளியேறுபவருடையது.

கீழே அக்கா இன்னொரு வரியும் எழுதியிருந்தார்: "அத்தானையும் இதில் சேர்." அவர் சொன்னது சரி. தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்க கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும், சொத்து கொழும்பில் இருந்தாலும்தான். நாளைக்கு அக்கா வெளியேற வேண்டி வந்தால் அத்தானின் கையெழுத்து இல்லாமல் உறுதி எழுத முடியாது. தம்பி அத்தானின் முகவரியையும் சேர்த்துத் திருத்திய மின்னஞ்சலை மறுபடி அனுப்பினார். அத்தான் பதிலில் எழுதியது இரண்டே வரி: "பார்த்தேன், சம்மதம். நொத்தாரிசிடம் போகும் திகதியைச் சொல், நானும் வருகிறேன்."